வார்னிங் வந்தா அமுத்திடுங்க சார்

எங்க மேனேஜரோட கட்டை விரலை நெனச்சா இன்னிக்கும் எனக்குக் குமட்டுது. காலையில நாஸ்தா நேரத்துல கோட்டு போட்டுக்கினு ரெஸ்டாரன்ட்டுல சுத்தி வருவாரு. பஃபே பக்கம் போயி வடையில ஒரு விள்ளல், கேசரியில ஒரு சிட்டிகை, எல்லாத்தையும் கையாலயே எடுத்து வாயில போட்டுக்குவாரு. அப்புறம் அதே கையோட கெஸ்ட்டுங்க மேசைக்குப் போவாரு. யாராச்சும் "சார், வைஃபை வர்லியே"ன்னு சொன்னா போதும், "குடுங்க சார், ஒரு செகண்டு வேலை"ன்னு போனைப் புடுங்கி, அந்த விரலால வழுக்கி வழுக்கி அமுத்துவாரு. போன் திரும்பி வர்றப்ப கண்ணாடி மேல நெய்யா ஒரு தீத்தல் இருக்கும். கெஸ்ட்டு அதைத் தன் சட்டையிலயே தொடச்சுக்கினு "தேங்க்ஸ்"ம்பாரு. தூ.

நான் வேலை செய்யறது மாமல்லபுரத்துக்குப் பக்கத்துல, கடலைப் பாத்த மாதிரி இருக்கிற ஒரு ரிசார்ட்டுல. ரிசப்ஷன் மேசை. செங்கல்பட்டுலேர்ந்து பஸ் ஏறி, திருக்கழுக்குன்றம் தாண்டி, தெனமும் வந்து போறேன். இத்தினி வருஷத்துல நான் கத்துக்கினது ஒண்ணுதான். மனுஷனுக்குத் தண்ணி இல்லன்னா கூட கொஞ்சம் பொறுத்துக்குவான், நெட் இல்லன்னா பொறுக்க மாட்டான். கார்லேர்ந்து எறங்கறாங்க, எதிர்ல அவ்ளோ பெரிய கடல் கீது. அதைப் பாக்கறதில்ல. பெட்டி கூட எறக்கியிருக்காது, "வைஃபை பேரு இன்னா?"ன்றதுதான் மொதல் வார்த்தை.

எங்க வைஃபைக்கு பாஸ்வேர்டு கெடையாது. பேரைத் தொட்டா உள்ள வுட்டுடும். அப்புறம் ஒரு பேஜ் வரும், அதுல ரூம் நம்பரும் கெஸ்ட்டோட பேரும் போடணும். அவ்ளோதான், அது வேற எதையும் கேக்காது. ஆனா அந்த பேஜ் வர்றதுக்கு முன்னாடி செவப்பா ஒரு வார்னிங் வரும். 'இந்த இணைப்பு பாதுகாப்பானது இல்ல'ன்னு. ஏன்னா அந்த பேஜுக்குன்னு ஒரு சான்றிதழ் இருக்கு, அதைக் காலாகாலத்துல புதுப்பிக்கணும். எங்க ஹோட்டல்ல அதைப் புதுப்பிக்காமயே வுட்டுட்டாங்க. நெட்டு போட்டுக் குடுத்த கம்பெனிக்காரரு ஒரு வாட்டி கேளம்பாக்கத்துலேர்ந்து வந்தப்ப நானே கேட்டேன்.

"மேடம், அந்த செவப்பு பக்கம் சொல்றது இன்னான்னா, நீங்க பேசற ஆளு நெஜமா அவுருதானான்னு எனக்குத் தெரியலன்னு. உங்க பேஜ்ல தேதி முடிஞ்சதால வருது. நாளைக்கு எவனாச்சும் உங்க பேஜ் மாதிரியே ஒண்ணு செஞ்சு வச்சாலும் இதே மாதிரிதான் வரும். தெனம் அமுத்திப் பழகினவங்களுக்கு அன்னிக்கு மட்டும் எப்டி வித்தியாசம் தெரியும்?" அப்படின்னாரு.

எனக்கு பகீர்னுச்சு. நேரா மேனேஜர்கிட்டப் போயி சொன்னேன். அவரு சிரிச்சாரு. சிரிக்கறப்ப பல்லு இடுக்குல முந்திரி. "உனக்கு எதுக்கும்மா அந்த ஆராய்ச்சி? அட்வான்ஸ்டுன்னு ஒண்ணு இருக்கும், அதை அமுத்து. கீழ ப்ரொசீட்னு வரும், அதை அமுத்து. கெஸ்ட்டுக்கும் அப்டியே சொல்லு."

அதோட வுடல. மறுநாள் காலையில ரிசப்ஷன் ஆளுங்க எல்லாரையும் வரிசையா நிக்க வச்சு, பள்ளிக்கூடத்துல வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி ஒப்பிக்க வச்சாரு. 'வார்னிங் வந்தா அமுத்திடுங்க சார், ஒண்ணும் ஆவாது.' சிரிச்ச மொகத்தோட சொல்லணுமாம். கருமம்.

என்னோட அதே மேசையில இன்னொருத்தி இருக்கா. வேடந்தாங்கல் பக்கத்துல ஒரு ஊரு. அவ வூட்டுல எல்லாரும் அடுத்தவன் வயல்ல எறங்கி வேலை செஞ்சவங்க, நாற்காலியில உக்காந்து சம்பளம் வாங்கினதுல இவதான் மொதல் ஆளு. இங்கிலீஷும் பேசுவா, இந்தியும் பேசுவா. ரெண்டு புள்ளைங்க, ரெண்டும் அவ சம்பளத்துலதான் படிக்குது. மேனேஜருக்கு அவளைக் கண்டா ஆவாது. "கெஸ்ட்டு முன்னாடி இன்னா, கீதுன்னு பேசாத, அசிங்கமா இருக்கு"ன்னு எல்லாரும் கேக்கறாப்புல சொல்லுவாரு. இவரு மட்டும் எங்கேர்ந்து வந்தாரு? மதுராந்தகம் பக்கந்தான். வூட்டுக்குப் போன் பேசறப்ப கேட்டா தெரியும்.

அந்த வாரம் ஒரு கல்யாணம். ரூமெல்லாம் நெறஞ்சு கெடந்துச்சு. வெளியாளுங்களும் பார்க்கிங்குக்கும் புல்தரைக்கும் போயிக்கினும் வந்துக்கினும் இருந்தாங்க. பொண்ணோட பெரியப்பா ஒருத்தரு, சொந்தமா ஃபேக்டரி வச்சிருக்கறவரு, கடல் பக்கத்து ரூம்ல இருந்தாரு. கல்யாணம் முடிஞ்ச மறுநா காலையில அந்த மனுஷன் ரிசப்ஷனுக்கு வந்து போட்ட சத்தத்துல ஸ்விம்மிங் பூல்ல இருந்தவங்கல்லாம் எழுந்து நின்னு பாத்தாங்க.

நடந்தது இதான். அவரோட மெயிலுக்குள்ள அவராலயே போவ முடியல. எவனோ பாஸ்வேர்டை மாத்திட்டான், அவரு நம்பரை எடுத்துட்டு வேற நம்பரை வச்சுட்டான். அதுவும் பத்தாதுன்னு, அவரு பேர்லயே அவரோட வாடிக்கைக்காரங்களுக்கெல்லாம் லெட்டர் போயிருக்கு. 'எங்க பேங்க் கணக்கு மாறிடுச்சு, இனிமே இந்தக் கணக்குக்குப் பணம் போடுங்க'ன்னு. ஒருத்தரு போட்டுட்டு, போன் பண்ணி "வந்துதா?"ன்னு கேட்டப்பதான் இவருக்கே தெரிஞ்சிருக்கு.

"உங்க வைஃபைல லாகின் பண்ணதுக்கு அப்புறந்தான்யா இது!"ன்னு மேசையைத் தட்டறாரு. அந்த நேரத்துல மேசையில இருந்தவ அவதான். தட்டின தட்டுல மேசை மணி உருண்டு அவ கால்ல விழுந்துச்சு. குனிஞ்சு எடுத்து வச்சா. "சார், உக்காருங்க சார்"னா. "நீ பேசாத!"ன்னாரு.

மேனேஜர் ஓடி வந்தாரு. வந்த வேகத்துல மொதல் வேலையா அவளைக் கை காட்டினாரு. "மன்னிச்சுக்குங்க சார். இவளுக்கு வெவரம் பத்தாது. எதையோ தப்பா போட்டுக் குடுத்திருப்பா. நான் பாத்துக்கறேன் சார்."

வெவரம் பத்தாதாம்! மேனேஜருக்குக் கணக்குத் தப்பு வர்றப்பல்லாம் உக்காந்து சரி பண்ணிக் குடுக்கறவ அவ. எனக்கு வந்த ஆத்திரத்துல அங்கயே கத்தியிருப்பேன், ஆனா அவ என் புடவையைப் புடிச்சு இழுத்தா.

மத்தியானத்துக்குள்ள அவளே எழுதிக் குடுக்கற மாதிரி ஒரு பேப்பர் டைப் ஆயி வந்துடுச்சு. கெஸ்ட்டுக்குத் தப்பான முறையில இன்டர்நெட் இணைப்பு குடுத்தது நாந்தான், அதுக்கு நானே பொறுப்புன்னு. சாயங்காலம் மொதலாளி வர்றதுக்குள்ள கையெழுத்துப் போடணும். போட்டா கௌரவமா வேலையை வுட்டு நின்னுக்கலாம், போடலன்னா போலீஸ். இதான் மேனேஜர் அவளுக்குக் குடுத்த ரெண்டு வழி. எந்த வழியில போனாலும் வேலை போச்சு.

சலவைத் துணி ரூம்ல, பெட்ஷீட் குவியல் மேல உக்காந்திருந்தா. அழல. மொகம் மட்டும் செத்துப் போயிருந்துச்சு.

"அக்கா, நான் அந்த கெஸ்ட்டாண்ட பேசவே இல்லக்கா. கல்யாணத்தன்னிக்குப் பூரா பந்தியாண்ட கூப்பன் வாங்கிக்கினு இருந்தேன். இன்னாத்துக்குக்கா என் தலையில கட்றாங்க?"

"கையெழுத்துப் போடாத. பேனாவையே தொடாத"ன்னு சொல்லிட்டு நான் நேரா அந்த ஃபேக்டரிக்காரரைத் தேடிப் போனேன்.

புல்தரையில கொடைக்குக் கீழ உக்காந்து எளநீர் குடிச்சிக்கினு இருந்தாரு. காலையில இருந்த கோவம் கொஞ்சம் எறங்கியிருந்துச்சு. "சார், தப்பா நெனச்சுக்காதீங்க. என்ன நடந்துச்சுன்னு எங்கிட்ட ஒரு வாட்டி சொல்லுங்க"ன்னு கேட்டேன்.

"இதே எடத்துலதாம்மா உக்காந்திருந்தேன். நெட் பட்டுனு கட்டாச்சு. அப்புறம் தானாவே வந்துச்சு, அதே உங்க ஹோட்டல் பேருதான். மறுபடியும் செவப்பா வார்னிங். அதான் தெனம் வருதே. உங்க மேனேஜர் இந்தப் பக்கமா வந்தாரு, வாங்கி அமுத்திக் குடுத்தாரு. உங்க ஹோட்டல் படமெல்லாம் போட்டு ஒரு பேஜ் வந்துச்சு. மெயில் ஐடி, பாஸ்வேர்டு கேட்டுச்சு. 'புதுசா மாத்தியிருப்பாங்க, போடுங்க சார்'னாரு. போட்டேன். அப்புறம் என் போன்லயே, 'உள்ள வர்றது நீங்கதானா?'ன்னு ஒண்ணு கேட்டுச்சு. ஆமான்னு அமுத்தினேன்."

"சார், எங்க பேஜ் ரூம் நம்பரும் பேரும் தவிர எதையும் கேக்காது. மெயில் பாஸ்வேர்டு கேட்டுதுன்னா அது எங்க பேஜே இல்ல. எவனோ எங்க பேர்லயே ஒரு வைஃபை வச்சுக்கினு இங்கயே எங்கயோ உக்காந்திருக்கான். நீங்க போட்டதை அவன் அந்தப் பக்கம் அப்டியே நெஜ மெயில்ல போட்டிருக்கான். அதனாலதான் உங்க போன் கேட்டுச்சு, வர்றது நீங்கதானான்னு."

"ஏர்ப்போர்ட்டுல கூட நம்பர் போட்டு ஓடிபி போட்டாதானேம்மா நெட்டு குடுக்கறான்? அந்த மாதிரின்னு நெனச்சேன்."

"அது வைஃபைக்குள்ள வர்றதுக்குன்னு வர்ற ஓடிபி சார். எதுக்கு வந்திருக்குன்னு அந்த மெசேஜ்லயே போட்டிருக்கும், படிச்சுப் பாக்கணும். உங்க மெயிலுக்குன்னோ பேங்குக்குன்னோ வந்துச்சுன்னா எந்த வைஃபை பேஜ்லயும் போடக் கூடாது."

இப்பவே எங்க வைஃபையை அணைச்சுட்டு சொந்த சிம் நெட்டுல மெயிலை மீட்கப் பாருங்க, வாடிக்கைக்காரங்களுக்கு ஒவ்வொருத்தரா போன் போட்டுச் சொல்லுங்க, பேங்குக்கும் சைபர் கிரைமுக்கும் தகவல் குடுங்கன்னு சொன்னேன். தலையை ஆட்டினாரு. அப்புறந்தான் வந்த விஷயத்தைக் கேட்டேன்.

"சார், அமுத்திக் குடுத்தது மேனேஜர்தான்னு மொதலாளிகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க சார். ஒரு பொண்ணு வேலை போவுது."

ஸ்ட்ராவை வாயிலேர்ந்து எடுத்தாரு. "எதுக்கும்மா வம்பு? உங்க மேனேஜர் டிசம்பர்ல குடும்பத்தோட காசில்லாம வந்து தங்கச் சொல்லியிருக்காரு, எல்லாம் அவரு பாத்துக்கறேன்னுட்டாரு. இந்த நேரத்துல நான் போயி... அந்தப் பொண்ணுக்கென்ன, வேற எங்கயாச்சும் கெடைக்கும்."

சொல்லிட்டு மறுபடியும் ஸ்ட்ராவை வாயில வச்சாரு. சர்ருனு உறிஞ்சற சத்தம். அடச்சீ, மனுஷனா நீன்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. முழுங்கிட்டு வந்தேன்.

சாயங்காலம் மொதலாளி வந்தாரு. அவரு ரூம் சமையலறைக்குப் பின்னாடி, ரொம்ப உள்ள தள்ளி இருக்கு. எங்க வைஃபை அங்க எட்டாது, அது எல்லாருக்கும் தெரியும். மேனேஜர், அவ, நான், மூணு பேரும் நின்னோம். என்னைக் கூப்பிடல, நானா போயி நின்னேன். மேசை மேல அந்தப் பேப்பரும் ஒரு பேனாவும் இருந்துச்சு.

போறதுக்கு முன்னாடி ஒரு வேலை செஞ்சு வச்சிருந்தேன். என் போன்ல ஹாட்ஸ்பாட்னு இருக்கில்ல, அதுக்கு எங்க ஹோட்டல் வைஃபையோட பேரை எழுத்துக்கு எழுத்து அப்டியே வச்சேன். பாஸ்வேர்டு வேணாம்னு எடுத்துட்டேன். போனைக் கையிலயே வச்சிருந்தேன்.

மேனேஜர் ஆரம்பிச்சாரு. அலட்சியம், பொறுப்பில்ல, இந்த மாதிரி ஆளுங்களை வச்சுக்கினா ஹோட்டல் பேரே கெட்டுடும். மொதலாளி அவளைப் பாத்து, "என்னம்மா சொல்ற?"ன்னாரு. அவ வாயத் தொறக்கறதுக்குள்ள நான் கேட்டேன்.

"சார், ஒரு நிமிஷம். உங்க போன்ல வைஃபை வருதா பாருங்க."

பாத்தாரு. "வருதே. இந்த ரூம்ல எப்பவும் வராதே?"

"மேனேஜர் சார் போன்லயும் வரும், பாருங்க."

வந்திருந்துச்சு. என் போனைத் திருப்பி மேசை மேல வச்சேன். என் ஹாட்ஸ்பாட்டுல சேந்திருக்கிற போனுங்க பேரு அதுல வரிசையா தெரிஞ்சுது. ஒண்ணு மொதலாளியோடது. இன்னொண்ணு மேனேஜரோடது, அதுக்கு அவரு 'பாஸ்'னு பேரு வச்சிருந்தாரு. அந்த நேரத்துலயும் எனக்கு அதைப் பாத்து சிரிப்பு வந்துச்சு.

"இது ஹோட்டல் நெட்டு இல்ல சார், என் நெட்டு. பேரை மட்டுந்தான் வச்சேன். முன்ன ஒரு வாட்டி சேந்த பேருன்னு உங்க போனுங்க தானாவே வந்து ஒட்டிக்கிச்சு. கல்யாணத்தன்னிக்கு எவனோ இதைத்தான் செஞ்சிருக்கான், கூடவே ஒரு பொய் பேஜும் வச்சிருக்கான். பேரைப் பாத்தெல்லாம் கண்டுபுடிக்க முடியாது. சான்றிதழைப் புதுப்பிச்சிருந்தா, அன்னிக்கு மட்டும் வந்த செவப்பு வார்னிங்கே அவனைக் காட்டிக் குடுத்திருக்கும்."

மொதலாளி தன் போனைப் பாம்பைத் தொட்ட மாதிரி மேசை மேல போட்டாரு. மேனேஜரைப் பாத்து, "அந்த வார்னிங் வந்தா நம்ம ஆளுங்க என்னய்யா செய்வாங்க?"ன்னு கேட்டாரு.

மேனேஜருக்குத் தன் தெறமையைக் காட்ட ஒரு வாய்ப்பு கெடைச்சா போதும், முன்னபின்ன யோசிக்க மாட்டாரு. "அதெல்லாம் ஒரு மேட்டரே இல்ல சார், ஒரு செகண்டு வேலை. நான் எல்லாருக்கும் ட்ரெயினிங் குடுத்திருக்கேன். அட்வான்ஸ்டு அமுத்தி ப்ரொசீட் அமுத்தினா முடிஞ்சுது. நானே தெனமும் கெஸ்ட்டுங்களுக்கு அமுத்திக் குடுக்கறேன். அந்த ஃபேக்டரி சாருக்குக் கூட நான்தான்..."

அதோட நின்னுடுச்சு. அவரு காது மடல் ரெண்டும் செவந்து போச்சு, எங்க வார்னிங் பேஜ் மாதிரி.

நான் மொதலாளி மொகத்தையே பாத்துக்கினு இருந்தேன். இப்ப எழுந்து நின்னு அந்த ஆளை ரெண்டு வார்த்தை கேப்பாரு, அவகிட்ட ஒரு மன்னிப்புக் கேக்க வைப்பாருன்னு நெனச்சேன். எனக்கு வேற வேலை இல்ல பாருங்க. அவரு அந்தப் பேப்பரை எடுத்து நாலா மடிச்சு டீ கப்புக்கு அடியில வச்சுக்கினாரு. "சரி, யாரும் எதுலயும் கையெழுத்துப் போட வேணாம். அந்த சான்றிதழைப் புதுப்பிக்கச் சொல்லுங்க. போங்க, போயி வேலையப் பாருங்க"ன்னாரு. அவ்ளோதான்.

வெளிய வந்ததும் மேனேஜர் கோட்டை இழுத்து விட்டுக்கினு ஒண்ணுமே நடக்காத மாதிரி நடந்து போனாரு. ஃபேக்டரிக்காரருக்கு அந்த டிசம்பர் ரூமும் அப்டியேதான் நின்னுச்சு. அந்த வைஃபையை வச்சவன் பார்க்கிங்ல கார்ல உக்காந்திருந்தானா, பந்தியில உக்காந்து சாப்புட்டுப் போனானா, இன்னி வரைக்கும் தெரியாது. அவனை நெனச்சாக் கூட எனக்கு இவ்ளோ அருவருப்பு வர்ல. அவன் திருடன், திருட வந்தான். இதுங்கல்லாம் எந்த ரகம்?

"நாளைக்கு வருவல்ல?"ன்னு அவகிட்ட பஸ் ஸ்டாண்டுல கேட்டேன்.

"வராம? வேலை என்னுது அக்கா"ன்னா.

வந்தா. சான்றிதழ் புதுசாவல, ஒரே ராத்திரியில எங்க ஆவப் போவுது? செவப்புப் பக்கம் அப்டியேதான் வந்துக்கினு இருந்துச்சு. நாஸ்தா நேரம். ரெஸ்டாரன்ட்டு வாசப்படியாண்ட நானும் அவளும் கூப்பன் சரி பாத்துக்கினு இருந்தோம். ஜன்னலோரமா ஒரு அம்மா போனைத் தூக்கிக் காட்டினாங்க. "செவப்பா என்னமோ வருதே?"

மேனேஜர் அந்தப் பக்கமாதான் நின்னாரு. கேசரியை வாயில போட்டுக்கினு, "குடுங்க மேடம், ஒரு செகண்டு வேலை"ன்னு கையை நீட்டிட்டாரு. பழக்கம். நேத்து நடந்தது ஒரு ராத்திரி கூட அந்த மண்டையில தங்கல.

அவ கூப்பனை என் கையில குடுத்துட்டுப் போனா. அவரு கையும் போனும் சேர்றதுக்குள்ள நடுவுல தன் கையை வச்சா.

"அமுத்தாதீங்க சார். அதுல இன்னா போட்டுக்கீதுன்னு மொதல்ல படிங்க."

இன்னா, போட்டுக்கீது, ரெண்டையும் நல்லா அழுத்தி, பக்கத்து மேசைக்கும் கேக்கறாப்புலதான் சொன்னா. அப்புறம் அந்த அம்மாகிட்டத் திரும்பி, "எங்க பேஜ்லதான் கோளாறு மேடம். இன்னும் சரியாவல. அது வரைக்கும் உங்க சிம் நெட்டையே போட்டுக்குங்க. எங்க வைஃபை பேரை போன்லேர்ந்து எடுத்துடுங்க, தானா ஒட்டிக்காம இருக்கும்"னா. அந்த அம்மா தலையாட்டிட்டுப் போனை மடியில வச்சுக்கினாங்க.

மேனேஜர் நீட்டின கை நீட்டினபடியே நின்னுச்சு. கட்டை விரல்ல கேசரி மினுமினுன்னு ஒட்டியிருந்துச்சு. ரெஸ்டாரன்ட்டே பாத்துக்கினு இருந்துச்சு. அவ மேசையிலேர்ந்து ஒரு டிஷ்யூவை உருவி அவரு கையில வச்சா.

"மொதல்ல இதைத் தொடைங்க சார்."